டிஸ்மிஸ் ஆர்டரில் என்ன எழுத வேண்டும்?

ஒழுங்கீனத்துக்காக ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கும் கடிதம் பல கம்பெனிகளில் ஒரே மாலையில் எழுதப்படுகிறது. உள்விசாரணை மூன்று மாதம் நடந்து முடிந்திருக்கும். முதலாளி, “இன்னிக்கே லெட்டரைக் கொடுத்து அனுப்பிடுங்க” என்பார். மனிதவளப் பிரிவில் இருப்பவர் கணினியில் கிடக்கும் பழைய கடிதம் ஒன்றைத் திறப்பார். பெயரையும் டோக்கன் எண்ணையும் மாற்றுவார். இவ்வளவு நாள் இழுத்தடித்த எரிச்சலில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்து அச்செடுப்பார். பின்னால் தொழிலாளி தரப்பு வக்கீல் முதலில் அடிக்கோடு போடுவது அந்த இரண்டு வரிக்குத்தான்.

டிஸ்மிஸ் ஆர்டர்கள் இரண்டு விதமாகக் கெட்டுப்போகின்றன. ஒன்று, சார்ஜ் ஷீட்டில் இல்லாததைக் கடிதம் பேசுகிறது. மற்றொன்று, பேச வேண்டியதைப் பேசாமல் “விசாரணை அறிக்கையைப் பரிசீலித்து உங்களை வேலைநீக்கம் செய்கிறோம்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறது. முதல் வகைக் கடிதம் விசாரணையில் இடம்பெறாத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கிறது. இரண்டாம் வகையைப் படித்தால், முடிவெடுத்தவர் கோப்பைத் திறந்து பார்த்தாரா என்றே தெரியாது. இரண்டுக்கும் நடுவே எப்படி எழுதுவது என்பதை ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. உள்விசாரணையின் இலக்கணம் மாறவில்லை. அந்த இலக்கணத்தை உச்ச நீதிமன்றம் 1963இல் சுர் எனாமல் வழக்கில் ஐந்து நிபந்தனைகளாகச் சொன்னது. குற்றச்சாட்டு என்னவென்று தொழிலாளிக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சாட்சிகளை அவர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். தன் தரப்புச் சாட்சிகளை, விரும்பினால் தன்னையே, விசாரிக்க விட வேண்டும். கடைசியாக, விசாரணை அதிகாரி தன் முடிவைக் காரணங்களோடு எழுத வேண்டும். கடிதம் எழுத உட்காருகிறவர் கோப்பைத் திறந்து இந்த ஐந்தும் நடந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் கடிதத்தை நிறுத்திவிட்டு விசாரணையைச் சரிசெய்யுங்கள். நல்ல கடிதம் கெட்ட விசாரணையைக் காப்பாற்றாது.

இனி வழக்கு.

கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டோக்கன் எண் 214, ஸ்டோர்ஸ் உதவியாளர், 11 வருட சர்வீஸ். மார்ச் 12 மாலை 5.40க்கு ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது, கேட்டில் காவலாளி அவர் பையைச் சோதிக்கிறார். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் கீழே 3.2 கிலோ செம்புக் கம்பி. மோட்டாருக்குச் சுற்றும் வைண்டிங் கம்பி, மதிப்பு சுமார் 3,000 ரூபாய். கேட் பாஸ் இல்லை. “சூப்பர்வைசர்தான் வெளியே ரீவைண்டிங் கடையில் கொடுக்கச் சொன்னார்” என்கிறார் தொழிலாளி. வாக்குவாதம் நடக்கிறது. தன்னைப் பிடித்துத் தள்ளினார் என்று காவலாளி புகார் எழுதிக் கொடுக்கிறார்.

மார்ச் 13இல் தற்காலிகப் பணிநீக்கம். 15ஆம் தேதி சார்ஜ் ஷீட், அதில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, அனுமதியின்றிக் கம்பெனிப் பொருளை வெளியே எடுத்துச் செல்ல முயன்றது. இரண்டு, காவலாளியைத் தள்ளியது. 22ஆம் தேதி தொழிலாளி விளக்கம் கொடுக்கிறார், நிர்வாகம் அதை ஏற்கவில்லை. ஏப்ரல் 8 முதல் மே 3 வரை நான்கு அமர்வுகள். துணைக்கு ஒரு சக தொழிலாளி இருக்கிறார். காவலாளி, சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஆகிய மூவரும் சாட்சி சொல்கிறார்கள்.

சூப்பர்வைசர், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். ஆனால் குறுக்கு விசாரணையில், அவசரத்துக்கு முன்பு இரண்டு முறை கேட் பாஸ் இல்லாமல் பொருள் அனுப்பியது உண்டு, அப்போதெல்லாம் செக்யூரிட்டிக்குப் போனில் சொல்லிவிடுவேன் என்று ஒப்புக்கொள்கிறார். இந்த ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் இது திரும்பி வரும்.

மே 20இல் அறிக்கை வருகிறது. முதல் குற்றச்சாட்டு நிரூபணமானது. இரண்டாவது நிரூபணமாகவில்லை. காவலாளி சொன்னதைத் தவிர வேறு சாட்சியம் இல்லை, அருகில் இருந்த இன்னொரு காவலாளியை நிர்வாகம் அழைக்கவும் இல்லை.

முதலாளி சொல்லி எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது என்று வையுங்கள்:

“நீங்கள் நீண்ட காலமாகக் கம்பெனிப் பொருட்களைத் திருடி வந்திருக்கிறீர்கள். மார்ச் 12 அன்று கையும் களவுமாகப் பிடிபட்டபோது காவலாளியைத் தாக்கினீர்கள். உங்கள் கடந்த கால நடத்தையும் மோசமானது. எனவே மார்ச் 13 முதல் நீங்கள் டிஸ்மிஸ் செய்யப்படுகிறீர்கள். உங்களுக்குச் சேர வேண்டிய எந்தத் தொகையும் தரப்பட மாட்டாது.”

ஐந்து வாக்கியங்கள், ஐந்திலும் ஓட்டை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“நீண்ட காலமாக” என்று சார்ஜ் ஷீட்டில் இல்லை. சார்ஜ் ஷீட் சொன்னது ஒரே ஒரு மாலையைப் பற்றி. ஊழியர்களிடையே ஓடும் பேச்சைக் கேட்டு முதலாளி அப்படி நம்பலாம், அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தொழிலாளிக்கு வாய்ப்பே தரவில்லை. விசாரிக்காத குற்றத்தையும் சேர்த்துத்தான் தண்டித்தார்கள் என்பதை நிர்வாகமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். “திருடி” என்பதையும் விடுங்கள். சார்ஜ் ஷீட்டில் குற்றத்துக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதே பெயர், நிலையாணையின் அதே உட்பிரிவு எண். நிலையாணையில் இல்லாத ஒன்றை ஒழுங்கீனம் என்று தண்டிக்க முடியாது என்று 1983இல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

“காவலாளியைத் தாக்கினீர்கள்” என்பது நிரூபணமாகாத குற்றச்சாட்டு. அதிலும் சார்ஜ் ஷீட்டில் “தள்ளியது” என்றிருந்தது இங்கே “தாக்கியது” ஆகிவிட்டது. விசாரணை அதிகாரியின் முடிவோடு நிர்வாகம் உடன்பட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் மாறுபட விரும்பினால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏன் மாறுபடுகிறோம் என்ற தற்காலிகக் காரணங்களை எழுதித் தொழிலாளிக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. நம் வழக்கில் அந்தச் சிரமத்துக்கு அவசியமே இல்லை. முதல் குற்றச்சாட்டே போதும். இரண்டாவது நிரூபணமாகவில்லை, அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கடிதத்தில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. முதலாளிகளுக்கு இந்த வரி பிடிக்காது. தங்கள் தோல்வியைத் தாங்களே எழுதிக் கொடுப்பதாக நினைப்பார்கள். நீதிமன்றத்தில் கடிதத்துக்கு நம்பகத்தன்மை தருவது அந்த வரிதான்.

“கடந்த கால நடத்தை” சற்றுப் பெரிய விஷயம். தண்டனையைத் தீர்மானிக்கும்போது குற்றத்தின் கடுமை, பழைய பதிவுகள், தண்டனையைக் குறைக்கவோ கூட்டவோ காரணமான சூழல்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மாதிரி நிலையாணைகளே சொல்கின்றன. ஆகவே பழைய பதிவைப் பார்ப்பது தவறில்லை. ஆனால் அதை வைத்துத் தண்டனையைக் கூட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே தொழிலாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாஞ்சே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சொல்ல வேண்டிய இடம், அறிக்கை நகலோடு அனுப்பும் இரண்டாவது ஷோ காஸ் நோட்டீஸ். டோக்கன் 214இன் பழைய பதிவில் இருப்பது, தாமதமாக வந்ததற்காக 2021இல் கொடுத்த ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம். செம்புக் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தூக்கிப் பிடித்தால் நிர்வாகம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும்.

பழைய பதிவு உண்மையிலேயே எடைபோடும் வழக்குகள் உண்டு. புனேயின் பாரத் ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை நேரத்தில் தூங்கிய ஒரு ஹெல்பரை டிஸ்மிஸ் செய்தார்கள். தூங்கியதற்கா வேலை போவது என்றுதான் யாருக்கும் தோன்றும். தொழிலாளர் நீதிமன்றமும் தண்டனை அதிகம் என்றது. ஆனால் அவர் அதற்கு முன்பு மூன்று முறை தண்டிக்கப்பட்டவர். 2005இல் உச்ச நீதிமன்றம் டிஸ்மிஸ்ஸை உறுதி செய்ததில் அந்தப் பதிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

“மார்ச் 13 முதல்” என்று பின்தேதியிட்டு நீக்குவதும் நிற்காது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த நாட்களிலும் அவர் கம்பெனியின் தொழிலாளிதான். ஆர்டர் தேதியிலிருந்தோ அது அவர் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்தோதான் நீக்கம். அந்த நாட்களுக்கான பிழைப்பூதியத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

இந்தப் பிழைப்பூதியத்தைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாட்களுக்கு முக்கால், 180 நாட்களைத் தாண்டினால் முழுச் சம்பளம். நம் வழக்கில் மார்ச் 13இல் தொடங்கினால் 90ஆவது நாள் ஜூன் 10. ஜூன் 11 முதல் 75 சதவீதம் கொடுத்திருக்க வேண்டும். சம்பளப் பிரிவு பழைய 50 சதவீதத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் குறையை இன்றே தீர்த்துவிடுங்கள். பிழைப்பூதியமே கொடுக்காமல் விசாரணை நடத்தினால் அந்த விசாரணையே விழும். கோலார் தங்கவயலின் பாதுகாப்பு அதிகாரி ஒருவருக்கு அதைக் கொடுக்கவில்லை. கேரளத்தில் இருந்த அவரால் விசாரணைக்கு வந்துபோகவும் பணமில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து வேலையும் போனது. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

ஐந்தாவது வாக்கியமான “எந்தத் தொகையும் தரப்பட மாட்டாது” என்பதைக் கடிதத்தைப் பார்த்தபின் பேசுவோம்.

கடிதம் எழுதும் முன் கோப்பில் இன்னும் ஒரு படி முடிந்திருக்க வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலைத் தொழிலாளிக்குக் கொடுத்து, அதன்மேல் அவர் சொல்வதைக் கேட்பது அந்தப் படி. 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியது. தனியார் கம்பெனிக்கும் பொருந்தும். நம் வழக்கில் ஜூன் 2இல் அறிக்கை நகலும் இரண்டாவது ஷோ காஸ் நோட்டீஸும் போயின. ஏழு நாள் அவகாசம். ஜூன் 9இல் பதில் வந்தது. அதில் தொழிலாளி இரண்டு விஷயம் சொல்கிறார். சூப்பர்வைசரே முன்பு கேட் பாஸ் இல்லாமல் பொருள் அனுப்பியதை ஒப்புக்கொண்டிருக்கிறார், அதை விசாரணை அதிகாரி கணக்கில் எடுக்கவில்லை. 11 வருட சர்வீஸில் இப்படி ஒரு புகாரே இல்லை, எனவே இந்தத் தண்டனை அதிகம்.

கடிதத்தின் உயிர் இந்த இரண்டுக்கும் நீங்கள் சொல்லும் பதிலில் இருக்கிறது. பதில் சொல்ல முடியவில்லை என்றால் டிஸ்மிஸ் செய்ய வேண்டுமா என்றே யோசிக்க வேண்டும். சம்பள உயர்வை நிறுத்துவது போன்ற குறைந்த தண்டனை போதுமா என்ற கேள்வியை முதலாளி முன் வைக்க இதுதான் சரியான நேரம்.

யார் கையெழுத்துப் போடுவது? நிலையாணையோ நியமன ஆணையோ யாருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறதோ அவர். விசாரணை அதிகாரி போடக் கூடாது. அந்த மாலையில் கேட்டுக்கு வந்து பையைப் பார்த்த மேலாளர், புகார் கொடுத்தவர், சாட்சி சொன்னவர் யாரும் போடக் கூடாது. சிறிய கம்பெனிகளில் தொழிற்சாலை மேலாளரே எல்லாமாக இருப்பார். அப்படியென்றால் இயக்குநரிடம் கொண்டுபோங்கள்.

இனி, சரியாக எழுதிய கடிதம்:

பணிநீக்க ஆணை
தேதி: ஜூன் 23
பெறுநர்: டோக்கன் எண் 214, ஸ்டோர்ஸ் உதவியாளர்

1. மார்ச் 12 மாலை 5.40 மணியளவில், கேட் பாஸ் இல்லாமல் 3.2 கிலோ செம்பு வைண்டிங் கம்பியைத் தொழிற்சாலைக்கு வெளியே எடுத்துச் செல்ல முயன்றதாகவும், பணியிலிருந்த காவலாளியைத் தள்ளியதாகவும் மார்ச் 15 தேதியிட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணை உங்களுக்கு வழங்கப்பட்டது. மார்ச் 22 தேதியிட்ட உங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாததால் உள்விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

2. விசாரணை ஏப்ரல் 8 முதல் மே 3 வரை நான்கு அமர்வுகளில் நடந்தது. எல்லா அமர்வுகளிலும் உங்களுக்குத் துணையாக வந்த சக தொழிலாளியோடு கலந்துகொண்டீர்கள். நிர்வாகத் தரப்புச் சாட்சிகள் மூவரையும் குறுக்கு விசாரணை செய்தீர்கள். நீங்களும் சாட்சியம் அளித்தீர்கள்.

3. முதல் குற்றச்சாட்டு நிரூபணமானதாகவும் இரண்டாவது நிரூபணமாகவில்லை என்றும் விசாரணை அதிகாரி மே 20 தேதியிட்ட அறிக்கையில் முடிவு செய்துள்ளார். அறிக்கையின் நகல் ஜூன் 2 அன்று உங்களுக்கு அனுப்பப்பட்டது. ஜூன் 9 தேதியிட்ட உங்கள் பதில் கிடைத்தது.

4. விசாரணை நடவடிக்கைகள், ஆவணங்கள், அறிக்கை, உங்கள் பதில் அனைத்தையும் படித்துப் பார்த்தேன். அறிக்கையின் முடிவுகளை ஏற்கிறேன். இரண்டாவது குற்றச்சாட்டை இந்த முடிவுக்காக நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

5. சூப்பர்வைசர் முன்பு கேட் பாஸ் இல்லாமல் பொருள் அனுப்பியதை ஒப்புக்கொண்டதாக உங்கள் பதிலில் கூறியுள்ளீர்கள். அவ்வாறு அனுப்பியபோதெல்லாம் காவல் பிரிவுக்குத் தொலைபேசியில் தெரிவித்ததாகவும் அவர் அதே பதிலில் கூறியுள்ளார். மார்ச் 12 அன்று அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்று காவலாளி கூறியதை நீங்கள் குறுக்கு விசாரணையில் மறுக்கவில்லை. கம்பியைச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் கீழ் வைத்ததற்கு நீங்கள் விளக்கம் தரவில்லை. எந்தக் கடைக்குக் கொண்டுசெல்லச் சொன்னார்கள் என்று கேட்டதற்குக் கடையின் பெயரையும் உங்களால் சொல்ல முடியவில்லை. எனவே இந்த வாதத்தை ஏற்க இயலவில்லை.

6. தண்டனையைப் பொறுத்தவரை உங்கள் 11 ஆண்டுப் பணியையும், இதற்கு முன் இத்தகைய புகார் இல்லாததையும் கருத்தில் கொண்டேன். பொருளின் மதிப்பு பெரிதல்ல என்பதையும் கருதினேன். ஆனால் கம்பெனியின் பொருட்களைக் காக்கும் பிரிவிலேயே நீங்கள் பணியாற்றுகிறீர்கள். நிரூபணமான செயல் அந்தப் பொறுப்புக்கு நேர் எதிரானது. குறைந்த தண்டனை போதுமா என்று யோசித்தும் அது பொருந்தாது என்ற முடிவுக்கே வந்தேன்.

7. எனவே நிலையாணையின் உரிய பிரிவின்படி இந்த ஆணை உங்களுக்குக் கிடைக்கும் நாள் முதல் நீங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.

8. இன்று வரையிலான பிழைப்பூதிய நிலுவையும் விடுப்பு ஊதியமும் இரண்டு வேலை நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். வருங்கால வைப்பு நிதியைப் பெறத் தேவையான விவரங்களும் பணிச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளன.

கையெழுத்து, பதவி

நிலையாணைப் பிரிவு எண்ணை ஏழாவது பத்தியில் சார்ஜ் ஷீட்டில் உள்ளபடியே எழுத மறக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் பெயரடைகள் அநேகமாக இல்லை என்பதையும் பாருங்கள். “கேவலமான”, “மன்னிக்க முடியாத”, “நம்பிக்கைத் துரோகம்” எதுவும் வேண்டாம். கோபம் தெரிந்தால் முடிவு முன்பே எடுத்துவிட்டு விசாரணையை நாடகமாக நடத்தினார்கள் என்று வாதிட வழி பிறக்கும்.

ஐந்தாவது பத்திதான் எழுதக் கடினமானது. அதை எழுத விசாரணை நடவடிக்கைக் குறிப்பை முழுக்கப் படித்தாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் கோப்பில் பக்க எண் காட்ட முடிய வேண்டும். கடையின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்பது குறிப்பில் இல்லாமல், அமர்வில் இருந்த யாரோ உங்களிடம் வாய்வழியாகச் சொன்னது என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

ஆறாவது பத்தி எதற்காக? விசாரணை நியாயமாக நடந்து குற்றம் நிரூபணமானாலும், தண்டனை அதிகம் என்று கருதினால் அதைக் குறைக்கத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1971இல் சேர்ந்த 11ஏ பிரிவு அந்த அதிகாரத்தைத் தந்தது. புதிய தொகுப்பிலும் தீர்ப்பாயத்துக்கு அது இருக்கிறது. 3,000 ரூபாய்க் கம்பிக்கு 11 வருட வேலையா என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள். பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் செய்த கையாடலில் தொகை சிறியது என்பது பெரிய வாதமல்ல என்று பஸ் கண்டக்டர்கள் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அந்த வாதத்தை உங்கள் வக்கீல் வைக்க வேண்டுமானால், முடிவெடுத்தவர் அன்றே பொறுப்பையும் தொகையையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தார் என்று கடிதம் காட்ட வேண்டும். பிறகு யோசித்துச் சொல்லும் காரணத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. இவரே ஸ்டோர்ஸில் இல்லாமல் தோட்டக்காரராக இருந்திருந்தால் ஆறாவது பத்தி இவ்வளவு உறுதியாக நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பி.எஃப். தொகையைத் தொட நிர்வாகத்துக்கு உரிமை இல்லை, டிஸ்மிஸ் ஆனாலும் அது அவருடையது. கடைசிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் போக வேண்டும். “பாக்கி எதுவும் இல்லை” என்று எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று நிபந்தனை போடாதீர்கள்.

பணிக்கொடை கொஞ்சம் சிக்கலானது. ஒழுங்கீனத்துக்காக நீக்கினாலே பணிக்கொடை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கம்பெனிக்கு நஷ்டம் ஏற்படுத்தியதற்காக நீக்கினால் அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். வன்முறைக்காகவோ, வேலையின்போது செய்த நெறிகெட்ட குற்றத்துக்காகவோ நீக்கினால் ஒரு பகுதியையோ முழுவதையுமோ பறிமுதல் செய்யலாம். நெறிகெட்ட குற்றம் என்ற வகைக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் “செய்யலாம்” என்பது “செய்தே ஆக வேண்டும்” ஆகாது. பறிமுதல் செய்ய நினைத்தால் அதற்குத் தனி நோட்டீஸ், தனிப் பதில், எவ்வளவு, ஏன் என்று காரணம் சொல்லும் தனி ஆணை வேண்டும். டிஸ்மிஸ் கடிதத்தின் கடைசி வரியில் அதைச் செருகக் கூடாது. பொருள் கேட்டிலேயே திரும்பக் கிடைத்துவிட்ட நம் வழக்கில், 11 வருடப் பணிக்கொடையை முழுதாகப் பறிப்பதற்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

பலர் மறந்துவிடும் ஒரு கேள்வி இருக்கிறது. கடிதம் கொடுக்கும் நாளில் கம்பெனிக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே ஏதாவது தகராறு சமரச அதிகாரி முன்போ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கிறதா? போனஸ் பற்றியோ சம்பள ஒப்பந்தம் பற்றியோ இருக்கலாம், அதற்கும் செம்புக் கம்பிக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். இந்தத் தொழிலாளி அதில் சம்பந்தப்பட்டவர் என்றால், நீக்கம், ஒரு மாதச் சம்பளம், அந்த அதிகாரியிடம் ஒப்புதல் கேட்கும் மனு ஆகிய மூன்றும் ஒரே நடவடிக்கையின் பகுதியாகச் சேர்ந்து நடக்க வேண்டும். ஒப்புதல் கேட்காவிட்டால் அந்த நீக்கமே செல்லாது என்று 2002இல் ஜெய்ப்பூர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. விசாரணை எவ்வளவு அழகாக நடந்திருந்தாலும் பலனில்லை. ஒழுங்கீனமே அந்தத் தகராறோடு தொடர்புடையது என்றால் முன் அனுமதியே வாங்க வேண்டும். யூனியன் விவகாரங்களைக் கவனிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேதி போடாதீர்கள்.

கொடுப்பது எப்படி? தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழில். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால் அவர் மொழியில் மொழிபெயர்ப்போடு. சார்ஜ் ஷீட்டிலிருந்தே அப்படிச் செய்திருக்க வேண்டும். நேரில் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அங்கிருந்த இருவர் அதைக் கடிதத்தின் நகலில் குறித்துக் கையெழுத்திடட்டும். அன்றே ஒப்புகையோடு தபாலில், அவர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு அனுப்புங்கள். தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும், வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம், மானநஷ்ட வழக்கை வலிந்து வாங்குவதாகும்.

கடிதம் கைக்கு வந்திருப்பவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மேலே சொன்னவற்றை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சார்ஜ் ஷீட்டையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடிதத்தில் புதிதாக வந்திருக்கும் சொற்களைக் குறியுங்கள். அறிக்கை நகல் எப்போது வந்தது, உங்கள் பதிலுக்குக் கடிதம் என்ன பதில் சொல்கிறது, பிழைப்பூதியம் சரியாக வந்ததா என்று பாருங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாட்களில் தீரவில்லை என்றால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காலக்கெடு உண்டு, சமாதானப் பேச்சு நடக்கிறது என்று தள்ளிப்போட்டுவிடாதீர்கள். கடையிலோ வணிக நிறுவனத்திலோ ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்குத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவில் தனி மேல்முறையீடும் இருக்கிறது.

நிர்வாகத்துக்குக் கடிதம் போனதோடு வேலை முடிவதில்லை. விசாரணையின் மூலக் கோப்பை, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டி வையுங்கள். நகல்களை வக்கீலுக்குக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். வழக்கு விசாரணைக்கு வர வருடங்கள் ஆகலாம். உள்விசாரணை சரியில்லை என்று நீதிமன்றம் சொன்னால், குற்றத்தை அங்கே புதிதாக நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு கிடைக்கும். ஆனால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தச் சாட்சிகள் வேண்டும். நம் வழக்கின் முக்கியச் சாட்சியான காவலாளி செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆள், கம்பெனியின் ஆள் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவருடைய சொந்த ஊர் முகவரியையும் போன் எண்ணையும் இன்றைக்கே வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்தில் குத்தி வையுங்கள்.